மணிக்கு எத்தனை மி.கி.? எடைக்கேற்ற மருந்தளவும் பம்ப் வேகமும்

போன அத்தியாயத்தில் பார்த்த மாத்திரை, சிரப் கணக்குகளில் இரண்டே படிகள்தான் இருந்தன. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாரசிட்டமால் என்றால் 180 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று அச்சிட்டிருந்தால் 7.5 மி.லி. வேலை முடிந்தது. அதே எடைக் கணக்கு ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்து, 'ஒரு கிலோவுக்கு, ஒரு நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம்' என்று மாறியதும் நன்றாகப் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். பெருக்கல் வகுத்தல் கடினமாகிவிடுவதில்லை. ஆர்டர் மைக்ரோகிராமிலும் நிமிடத்திலும் இருக்கிறது, ஆம்பியூல் மி.கிராமில் இருக்கிறது, பம்ப்போ மணிக்கு எத்தனை மி.லி. என்று கேட்கிறது. மூன்றும் மூன்று அலகில் பேசுவதால்தான் தடுமாற்றம்.

வழக்கமாக இதற்கு ஒரு நீண்ட சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தேர்வுக் கூடத்தில் 60 மேலே வருமா கீழே வருமா, 1000 எந்தப் பக்கம் என்று குழம்பினால், விடை தவறு என்று அந்தச் சூத்திரம் உங்களுக்குக் காட்டிக்கொடுக்காது. அதைவிட, கணக்கை நடுவில் ஓரிடத்தில் நிறுத்துங்கள். 'இந்த நோயாளிக்கு மணிக்கு எத்தனை மி.கி. மருந்து போக வேண்டும்?' இந்த எண் கையில் வந்துவிட்டால் ஆம்பியூலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது பொருந்தினால் மேலே போகலாம்.

ஒரு கணக்கு, முழுதாக

டோபமைனை எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் ஆம்பியூல் 5 மி.லி. கொண்டது, அதில் 200 மி.கி. மருந்து இருக்கும். அதாவது ஒரு மி.லி.யில் 40 மி.கி. வினா இப்படி வருகிறது:

60 கிலோ எடையுள்ள நோயாளிக்கு டோபமைன் 5 mcg/kg/min கொடுக்க ஆர்டர். 200 மி.கி. ஆம்பியூல் ஒன்றை 45 மி.லி. நார்மல் சலைனில் கலந்து சிரிஞ்ச் பம்ப்பில் வைத்திருக்கிறீர்கள். பம்ப் வேகம் என்ன? விடைகள்: 0.075, 0.45, 4.05, 4.5 (எல்லாம் ml/hr).

முதலில் நோயாளியின் பக்கம். கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், 60 கிலோ. ஆகவே நிமிடத்துக்கு 300 மைக்ரோகிராம். மணிக்கு 60 நிமிடம், எனவே 18,000 மைக்ரோகிராம். 1000 மைக்ரோகிராம் ஒரு மி.கி. என்பதால் மணிக்கு 18 மி.கி.

இங்கே நில்லுங்கள். ஆம்பியூலில் 200 மி.கி. இருக்கிறது, மணிக்கு 18 மி.கி. செலவாகிறது. அப்படியானால் ஒரு ஆம்பியூல் சுமார் 11 மணி நேரம் வரும். ஒரு ஷிஃப்டில் ஏற்றிய சிரிஞ்சை அடுத்த ஷிஃப்டில் மாற்ற வேண்டி வரும், அவ்வளவுதான். ஐ.சி.யூ.வில் நிற்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. எண் நம்பும்படி இருப்பதால் தொடரலாம்.

இப்போது சிரிஞ்சின் பக்கம். ஆம்பியூல் 5 மி.லி., சலைன் 45 மி.லி., மொத்தம் 50 மி.லி. 200 மி.கி.யை 50 மி.லி.யால் வகுத்தால் ஒரு மி.லி.யில் 4 மி.கி. மணிக்கு 18 மி.கி. வேண்டும், ஒரு மி.லி.யில் 4 மி.கி. இருக்கிறது. 18-ஐ 4-ஆல் வகுத்தால் 4.5. பம்ப்பில் 4.5 ml/hr.

இரண்டே வரியில் எழுதினால்:

```
mg/hr = dose (mcg/kg/min) × weight (kg) × 0.06
ml/hr = mg/hr ÷ (mg/ml)
```

0.06 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நிமிடத்தை மணியாக்க 60-ஆல் பெருக்கினோம், மைக்ரோகிராமை மி.கி. ஆக்க 1000-ஆல் வகுத்தோம். இரண்டையும் சேர்த்தால் 0.06. கையால் போட வேண்டிய தேர்வுகளில் இது நேரத்தை மிச்சப்படுத்தும்: 5-ஐ 60-ஆல் பெருக்கி 300, அதை 6-ஆல் பெருக்கி 1800, இரண்டு இடம் புள்ளி தள்ளினால் 18.

தவறான மூன்று விடைகள் எங்கிருந்து வந்தன?

இந்த வகை வினாவில் தவறான விடைகள் சும்மா போட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையின் விடை. எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிகிறது, ஆகவே இவற்றை அடையாளம் கண்டுகொள்வது நல்லது.

0.075 என்பது நிமிடத்தை மணியாக்க மறந்தவரின் விடை. இந்தப் பிழை 60 கிலோ நோயாளியிடம்தான் அதிகம் ஒளிந்துகொள்கிறது, அதனால்தான் வேண்டுமென்றே 60 கிலோவை எடுத்தேன். எடையும் 60, நிமிடமும் 60. தாளில் ஒரு 60-ஐ எழுதியதும் 'பெருக்கிவிட்டோம்' என்று மனம் ஏமாந்துபோகும். எடை 60 என்று வந்தால் தாளில் இரண்டு 60 இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இன்னொரு வழியிலும் இதைப் பிடிக்கலாம்: மணிக்கு 0.075 மி.லி. வீதம் ஓடினால் 50 மி.லி. சிரிஞ்ச் தீர 27 நாளுக்கு மேல் ஆகும். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு அப்படி ஒரு மருந்தை யாரும் ஆர்டர் போட மாட்டார்கள்.

0.45 என்பது ஆம்பியூலின் மேல் இருக்கும் அடர்வைச் சிரிஞ்சின் அடர்வாக எடுத்துக்கொண்டவரின் விடை. ஆம்பியூல் லேபிளில் 40 mg/ml என்று இருக்கும். கலக்கும் முன் அது உண்மை. 50 மி.லி.யாகக் கலந்த பிறகு பம்ப்புக்குள் போவது 4 mg/ml. நடுவில் நின்று பார்த்த எண் இங்கே கைகொடுக்கும். 200 மி.கி. 11 மணி நேரத்தில் தீர வேண்டும் என்று கண்டோம். மணிக்கு 0.45 என்றால் சிரிஞ்ச் 111 மணி நேரம் ஓடும். இரண்டும் பொருந்தவில்லை.

4.05 கொஞ்சம் நயமான பிழை. ஆம்பியூலின் 5 மி.லி.யைச் சேர்க்காமல், 200 மி.கி.யை 45-ஆல் வகுத்தவருக்குக் கிடைப்பது. நேரக் கணக்கு இந்தப் பிழையைப் பிடிக்காது. 45 மி.லி. என்று நினைத்துக்கொண்டிருப்பவர் 4.05-ஆல் வகுத்தால் அவருக்கும் அதே 11 மணி நேரம்தான் வரும், திருப்தியோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். இதைத் தடுக்க ஒரே வழி, வினாவில் உள்ள சொல்லைக் கவனிப்பது. '45 மி.லி.யில் கலந்து' என்றால் மருந்தின் கொள்ளளவையும் கூட்ட வேண்டும். '50 மி.லி.யாக்கி' என்றால் மொத்தமே 50.

பெரிய பாட்டிலில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி வரும். '250 மி.லி. டெக்ஸ்ட்ரோஸில் 400 மி.கி. டோபமைன்' என்று வினா சொன்னால் 250-ஆலேயே வகுங்கள், தேர்வு எதிர்பார்ப்பது அதைத்தான். உண்மையில் இரண்டு ஆம்பியூலின் 10 மி.லி.யையும் சேர்த்தால் பாட்டிலில் 260 மி.லி. இருக்கும், இதே நோயாளிக்கு 11.25-க்குப் பதில் 11.7 ml/hr தேவைப்படும். வார்டில் இந்த வித்தியாசம் வேண்டாம் என்பவர்கள் 10 மி.லி. திரவத்தை முதலில் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு மருந்தைச் சேர்ப்பார்கள்.

டோஸ் மாறும்போது

ஆர்டர் 5-இல் நிற்பதில்லை. ரத்த அழுத்தத்தைப் பார்த்து 7 ஆக்குவார்கள், பிறகு 8, பிறகு இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த நோயாளிக்கு, இந்தச் சிரிஞ்சில், 5 மைக்ரோகிராமுக்கு 4.5 ml/hr. ஆகவே 1 மைக்ரோகிராமுக்கு 0.9 ml/hr. 7 என்றால் 6.3. 8 என்றால் 7.2.

இதே எண்ணால் தலைகீழ் வினாவுக்கும் விடை சொல்லலாம். 'பம்ப்பில் 7.2 ml/hr ஓடுகிறது, நோயாளி பெறும் டோஸ் என்ன?' 7.2-ஐ 0.9-ஆல் வகுத்தால் 8 mcg/kg/min. நைட் டியூட்டி ஒப்படைக்கும்போது கேட்கப்படும் கேள்வியும் இதுதான், ஆனாலும் தேர்வில் இது திருப்பிப் போட்டு வந்தால் பலர் நேரத்தை வீணடிக்கிறார்கள். விடையைச் சரிபார்க்க மருந்தின் வழக்கமான வரம்பையும் நினைவில் வையுங்கள். டோபமைன் பொதுவாக 2 முதல் 20 mcg/kg/min வரை ஓடும். தலைகீழ்க் கணக்கில் 0.13 என்றோ 480 என்றோ வந்தால் எங்கோ 60 காணாமல் போயிருக்கிறது, அல்லது வேண்டாத இடத்தில் வந்திருக்கிறது.

ஆனால் 0.9 என்ற எண் அந்தச் சிரிஞ்சுக்கு மட்டுமே உரியது. திரவம் அதிகம் போகக்கூடாத நோயாளிக்கு 50 மி.லி.யில் இரண்டு ஆம்பியூல் போட்டுக் கலப்பார்கள், 'டபுள் ஸ்ட்ரென்த்' என்பார்கள். அதில் ஒரு மி.லி.க்கு 8 மி.கி. பம்ப் திரையில் அதே 4.5 தெரிந்தாலும் நோயாளிக்குப் போவது 10 மைக்ரோகிராம். பழைய சிரிஞ்ச் தீர்ந்து புதியதை மாற்றும் நேரத்தில்தான் இந்தத் தவறு நடக்கும்: சிரிஞ்ச் டபுள், வேகம் பழையது. சில நிமிடங்களில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது சிரிஞ்சின் மேல் ஒட்டிய லேபிள். அதில் மருந்தின் பெயர் மட்டும் போதாது, 'இத்தனை மி.கி., இத்தனை மி.லி.யில்' என்றும் இருக்க வேண்டும். தேர்வில் இதே விஷயம் 'அடர்வு இரட்டிப்பானால் வேகம் என்னவாகும்?' என்று எளிய வேடத்தில் வரும். பாதியாகும்: 2.25.

பம்ப் இல்லாதபோது

பம்ப் இல்லையென்றால் சொட்டு எண்ண வேண்டும். மைக்ரோ டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு. முன்பு பார்த்த டோபமைன் பாட்டிலுக்கு மணிக்கு 11.25 மி.லி. என்றால், மி.லி.யைச் சொட்டாக்க 60-ஆல் பெருக்கி, மணியை நிமிடமாக்க 60-ஆல் வகுக்கிறோம். இரண்டும் அடிபட்டுப் போகும். எனவே மைக்ரோ செட்டில் ml/hr என்ன எண்ணோ, நிமிடத்துக்குச் சொட்டும் அதே எண்: 11. கால் சொட்டு என்று ஒன்று கிடையாது, ஆகவே சொட்டுக் கணக்கை எப்போதும் முழு எண்ணாக்க வேண்டும்.

20 சொட்டு ஒரு மி.லி. ஆகும் மேக்ரோ செட்டில் ml/hr-ஐ 3-ஆல் வகுத்தால் போதும். 120 ml/hr சலைனுக்கு நிமிடத்துக்கு 40 சொட்டு. இதே டோபமைனை மேக்ரோவில் விட்டால் நிமிடத்துக்கு 3.75 சொட்டு வரும். ஒரு சொட்டு கூடினாலோ குறைந்தாலோ டோஸில் கால் பங்குக்கு மேல் மாறிவிடும். அதனால்தான் இத்தகைய மருந்துக்கு மேக்ரோ செட் ஒத்துவராது. செட்டின் சொட்டு எண்ணிக்கை அதன் உறையிலேயே அச்சிட்டிருக்கும். வினாவில் 15 என்று கொடுத்திருந்தால் 15, பழக்கத்தில் 20 போடக்கூடாது.

ஆறு விதி

ஐ.சி.யூ. சீனியர்கள் சொல்லும் குறுக்குவழி ஒன்று உண்டு. எடையை 6-ஆல் பெருக்கி, அத்தனை மி.கி. மருந்தை 100 மி.லி.யாக்கினால், 1 ml/hr என்பதே 1 mcg/kg/min. 50 மி.லி. சிரிஞ்சுக்கு எடையை 3-ஆல் பெருக்க வேண்டும். 50 கிலோ நோயாளிக்கு 150 மி.கி., அதாவது ஆம்பியூலிலிருந்து 3.75 மி.லி. எடுத்து, சலைன் சேர்த்து 50 மி.லி. ஆக்கினால் போதும். பிறகு 5 வேண்டுமானால் 5, 8 வேண்டுமானால் 8. மேலே சொன்ன 0.06-தான் இதன் மூலம்: ஒரு மைக்ரோகிராமுக்கு மணிக்கு எடை × 0.06 மி.கி. வேண்டும். அதை ஒரு மி.லி.க்குள் அடக்கினால் 50 மி.லி.க்கு எடை × 3.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு அடர்வு உருவாகிறது. பக்கத்துப் படுக்கையின் சிரிஞ்சை மாற்றி வைத்தால் யாராலும் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. ஆம்பியூலில் மீதம் மிஞ்சும், அளந்து எடுப்பதிலும் பிழை நுழையும். இதனால்தான் நிலையான சில அடர்வுகளை மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பானது என்று பல மருத்துவமனைகள் இந்த விதியைக் கைவிட்டன. தேர்வில் விதியைக் கேட்டால் விடை எழுதுங்கள். வார்டில் உங்கள் பிரிவின் வழக்கம் எதுவோ அதுவே சரி.

எடையும் புள்ளியும்

வினாவில் எடை எப்போதும் கிலோவில் வரும் என்று நம்பாதீர்கள். அமெரிக்க என்க்ளெக்ஸ் தேர்வு எழுதுபவர்களுக்குப் பவுண்டில் வரலாம்: 2.2 பவுண்டு ஒரு கிலோ, ஆகவே 132 பவுண்டு 60 கிலோ. மாற்ற மறந்தால் இருமடங்குக்கு மேல் டோஸ் போகும். அந்தத் தேர்வில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. விடையை எத்தனை தசம இடத்துக்கு முழுமையாக்க வேண்டும் என்றும் வினாவே சொல்லும். இடையில் எந்தப் படியிலும் முழுமையாக்காமல், கடைசி எண்ணை மட்டும் முழுமையாக்குங்கள். 0.5 என்று எழுதும்போது புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம். 5.0 என்று புள்ளிக்குப் பின் வெறும் பூஜ்யம் கூடாது, புள்ளி மங்கினால் 50 என்று படிக்கப்படும்.

மூன்று பயிற்சி வினாக்கள்

முதலாவது: 48 கிலோ நோயாளி, டோபுட்டமைன் 10 mcg/kg/min, 250 மி.கி. மருந்து 50 மி.லி.யாக்கப்பட்டது. 10-ஐ 48-ஆல் பெருக்கி 480, அதை 0.06-ஆல் பெருக்கினால் மணிக்கு 28.8 மி.கி. 250 மி.கி. இந்த வேகத்தில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும், நம்பலாம். ஒரு மி.லி.யில் 5 மி.கி., ஆகவே 5.76. ஒரு தசம இடமே ஏற்கும் பம்ப்பில் 5.8 ml/hr.

இரண்டாவது: 72 கிலோ எடையுள்ள நெஞ்சுவலி நோயாளி, நைட்ரோகிளிசரின் 10 mcg/min, 25 மி.கி. மருந்து 50 மி.லி.யாக்கப்பட்டது. ஆர்டரை மறுபடி படியுங்கள். அதில் kg இல்லை. 72 என்பது உங்களைத் திசைதிருப்ப வைத்த எண். 10-ஐ 0.06-ஆல் பெருக்கி மணிக்கு 0.6 மி.கி., அடர்வு மி.லி.க்கு 0.5 மி.கி., வேகம் 1.2 ml/hr. எடையையும் பெருக்கியவருக்கு 86.4 வரும். அந்த வேகத்தில் 50 மி.லி. சிரிஞ்ச் சுமார் 35 நிமிடத்தில் காலியாகும், நோயாளியின் ரத்த அழுத்தம் அதற்கு முன்பே விழுந்திருக்கும்.

மூன்றாவது: 70 கிலோ நோயாளி, ஹெபாரின் 18 units/kg/hr, 25,000 யூனிட் 500 மி.லி.யில். இங்கே எடை உண்டு, ஆனால் ஆர்டர் ஏற்கெனவே மணியில் இருக்கிறது. மைக்ரோகிராமும் இல்லை, மி.கி.யும் இல்லை. 0.06-க்கு இங்கே வேலையே கிடையாது. 18-ஐ 70-ஆல் பெருக்கினால் மணிக்கு 1,260 யூனிட். பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 50 யூனிட். 25.2 ml/hr. பழக்கதோஷத்தில் 0.06-ஐப் போட்டவருக்கு 1.5 ml/hr என்று வரும். அந்த வேகத்தில் 500 மி.லி. பாட்டில் கிட்டத்தட்ட 14 நாள் ஓடும். சரியான 25.2-இல் அது 20 மணி நேரத்தில் தீரும்.